படம் ஒன்று சொல்ல, புத்தகம் வேறொன்று சொன்னால்: டாரட் கார்டில் எதை நம்புவது?

டாரட் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் முதல்முறை முட்டிக்கொள்கிறார்கள்: செவன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், அதாவது வாள் ஏழு. படத்தில் ஓர் ஆள் கூடாரங்களை விட்டு ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான். பார்த்தவுடன் "திருடன்" என்பார்கள். புத்தகத்தைத் திறந்தால் திட்டம், முயற்சி, விருப்பம், நம்பிக்கை, துணிவு என்று இருக்கும். திருடனுக்கும் நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்?

சனிக்கிழமை மதியம் என் வீட்டில் நாலைந்து பேர் கார்டு படித்துப் பழகுகிறோம். இந்த இடத்தில் வந்து நின்றவர்கள் எல்லாரும் இரண்டில் ஒன்றைத்தான் செய்தார்கள். சிலர் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு "எனக்குத் தோன்றுவதுதான் சரி" என்றார்கள். இரண்டுமே சீக்கிரம் சலித்துவிடும். கீழே இருப்பது நாங்கள் பல தடவை தடுக்கி விழுந்து ஒழுங்கு செய்துகொண்ட வரிசை. வரிசையை மாற்றினால் ஏன் கெடுகிறது என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டுகள் நடக்கப்போவதை முன்கூட்டி அறியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு விஷயத்தை வேறு பக்கமிருந்து யோசிக்க வைக்கும் கருவி என்ற அளவில்தான் நான் அதை வைத்திருக்கிறேன். ஆனால் கருவி என்றாலும் அதை ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு நாள் படத்தையும் மறுநாள் புத்தகத்தையும் நம்பினால், நம் ஆசையைத்தான் நாம் படித்துக்கொண்டிருப்போம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டெக், ஒரே ஒரு புத்தகம், ஒரு நோட்டு. அவ்வளவுதான். மூன்று புத்தகமும் இரண்டு ஆப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்தக் கார்டுக்கும் பிடித்த அர்த்தம் ஏதாவது ஒன்றில் அகப்பட்டுவிடும். முரண்பாடு தீராது. அது கண்ணில் படாமல் போய்விடும், அவ்வளவுதான்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ரைடர்-வெய்ட்-ஸ்மித் டெக். 1909இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வடிவமைக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. கடைகளில் கிடைக்கும் டெக்குகளில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள். புத்தகம் என்று நான் சொல்வது, 1911இல் படங்களோடு வந்த வெய்ட்டின் "பிக்டோரியல் கீ டு த டாரட்".

அடுத்தது கேள்வி. கார்டை எடுக்கும் முன் கேள்வியை ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதிவிடுங்கள். கேள்வி தளர்வாக இருந்தால், கார்டு வந்த பிறகு அது கார்டுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். அப்புறம் படமா புத்தகமா என்று வாதாடுவதில் பொருளே இல்லை.

## 1. முதலில் டெக்கும் புத்தகமும் ஒரே குடும்பமா என்று பாருங்கள்

"படமும் அர்த்தமும் ஒத்துப்போகவில்லை" என்று என்னிடம் வந்த புகார்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிட்டன. ஒரு டெக்கின் கார்டுக்கு இன்னொரு டெக்கின் அர்த்தத்தைப் பார்த்திருப்பார்கள்.

ஃபோர் ஆஃப் கப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மித் வரைந்த படத்தில் ஓர் இளைஞன் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். முன்னால் மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் முகத்தில் சலிப்பு. அலெய்ஸ்டர் குரோலியும் ஃப்ரீடா ஹாரிஸும் உருவாக்கிய தோத் டெக்கில் இதே கார்டின் பெயர் "லக்ஷுரி", அதாவது சொகுசு. தோத் புத்தகத்தைப் படித்துவிட்டு ஸ்மித்தின் படத்தைப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும். வாள் ஏழும் தோத்தில் "ஃப்யூட்டிலிட்டி", வீண்முயற்சி.

ஸ்ட்ரெங்த், ஜஸ்டிஸ் என்று தனிப் பெயரோடு வரும் பெரிய கார்டுகளில் எண்ணே மாறும். வெய்ட் டெக்கில் 8 ஸ்ட்ரெங்த், 11 ஜஸ்டிஸ். பழைய மார்செய் டெக்கில் இது தலைகீழ். எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் ஸ்ட்ரெங்த்தில் சிங்கத்தோடு இருக்கும் பெண்ணுக்கு ஜஸ்டிஸின் தராசு அர்த்தத்தைப் படிப்பீர்கள்.

புதிய டெக்குகளில் இன்னொரு சிக்கல். ஓவியர் காட்சியையே மாற்றி வரைந்திருப்பார், பெட்டிக்குள் வைக்கும் சின்னக் கையேட்டில் பழைய அர்த்தத்தையே அச்சடித்திருப்பார்கள். கையேடு அந்தப் படத்தைப் பார்த்து எழுதப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நான்கு கார்டுகளை எடுத்து, கையேட்டில் அந்தப் படத்தில் இருக்கும் பொருள் எதையாவது குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். ஒன்றில்கூட இல்லையென்றால் அது வேறெங்கிருந்தோ வந்த பட்டியல். அந்த டெக்குக்குப் படத்தை வைத்தே வேலை செய்வது மேல்.

மார்செய் டெக்கின் எண் கார்டுகளில் காட்சியே கிடையாது. ஏழு வாள் என்றால் ஏழு வாள் மட்டும், நடுவே கொஞ்சம் கொடியும் பூவும். அங்கே இந்த வழிகாட்டிக்கு வேலை குறைவு.

## 2. புத்தகத்தை மூடிவைத்து, கண்ணில் படுவதை எழுதுங்கள்

புத்தகத்துக்கு முன் படம் என்ற வரிசை முக்கியம். "நம்பிக்கை" என்று படித்துவிட்டுப் பார்த்தால் அந்த ஆளின் முகத்தில் நம்பிக்கைதான் தெரியும், "திருட்டு" என்று படித்துவிட்டுப் பார்த்தால் கள்ளத்தனம்தான் தெரியும். ஒருமுறை படித்ததைக் கண்ணிலிருந்து எடுக்க முடியாது.

எழுதும்போது பெயர்ச்சொல், வினைச்சொல், எண்ணிக்கை, திசை இவை போதும். வாள் ஏழுக்கு என் நோட்டில் இருப்பது இது: ஓர் ஆள், கையில் ஐந்து வாள், தரையில் குத்தி நிற்பவை இரண்டு. வாள்களைப் பிடியில் பிடிக்காமல் அலகில் பிடித்திருக்கிறான். கால் ஒரு பக்கம் போகிறது, முகம் பின்னால் கூடாரங்களைப் பார்க்கிறது. உதட்டில் லேசான சிரிப்பு. தூரத்தில் சின்னதாக ஒரு கூட்டம்.

இந்தப் பட்டியலில் "திருடன்" இல்லை என்பதைக் கவனியுங்கள். வாள்கள் யாருடையவை என்று படத்தில் எழுதியிருக்கவில்லை. அவனுடைய வாள்களையே அவன் மீட்டுக்கொண்டு போகலாம். எதிரி முகாமில் புகுந்த படைவீரனாகவும் இருக்கலாம். திருட்டு என்பது நாம் சேர்த்த கதை. புதியவர்கள் "படம் இப்படிச் சொல்கிறது" என்று சொல்வதில் பாதி இப்படி ஒட்டவைத்த கதைதான். அதனால் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் தோன்றியது. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டியது இடப்பக்கத்தை மட்டும்.

சில முரண்பாடுகள் இந்த வேலையிலேயே கரைந்துவிடும். ஒருவன் தலைகீழாகத் தொங்கும் ஹேங்டு மேன் கார்டைப் பார்த்து "தண்டனை" என்று எழுதியவரிடம் "முகம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். மறுபடி பார்த்தார். தலையைச் சுற்றி ஒளிவட்டம், முகத்தில் வலியே இல்லை. தொங்கும் மரத்தில் இலைகூட இருக்கிறது. புத்தகத்தில் வெய்ட்டும் இந்த இரண்டையும் கவனிக்கச் சொல்கிறார்: மரம் உயிருள்ளது, முகத்தில் துன்பம் இல்லை, ஆழ்ந்து லயித்த நிலை. அங்கே படமும் புத்தகமும் சண்டை போடவே இல்லை. நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை.

நேரக் கணக்கு வேண்டுமென்றால் ஒரு கார்டுக்கு இரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கற்பனை செய்ய ஆரம்பித்துவிடும்.

## 3. புத்தகச் சொற்களைக் கொத்துக் கொத்தாகப் பிரியுங்கள்

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, ஒரு கார்டின் கீழ் இருக்கும் பத்துச் சொல்லையும் ஒரே அர்த்தத்தின் பத்து நிழல்கள் என்று நினைப்பது. அவை பல சமயம் வேறு வேறு ஊர்க்காரர்கள்.

இதைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும் வரலாறு இரண்டே வரி. 1780களில் பிரான்ஸில் எட்டெய்லா என்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் குறிச்சொற்கள் கொடுத்தார். அப்போது எண் கார்டுகளில் காட்சி வரைந்திருக்கவில்லை. அந்தச் சொற்கள் கைமாறிக் கைமாறி வெய்ட்டின் புத்தகத்துக்குள்ளும் வந்தன, அதே சமயம் அவர் உறுப்பினராக இருந்த கோல்டன் டான் என்ற சங்கம் ஒவ்வொரு எண் கார்டுக்கும் வேறொரு தலைப்பு வைத்திருந்தது. எட்டெய்லாவின் சொற்களும் கோல்டன் டானின் தலைப்புகளும் வந்த பிறகுதான் ஸ்மித் காட்சிகளை வரைந்தார்.

வாள் ஏழுக்கு எட்டெய்லா வைத்த சொல் "நம்பிக்கை". கோல்டன் டான் வைத்த தலைப்பு "நிலையற்ற முயற்சி". இப்போது வெய்ட்டின் பட்டியலைப் பாருங்கள். திட்டம், முயற்சி, விருப்பம், நம்பிக்கை, துணிவு என்பது ஒரு கொத்து. சச்சரவு, தோற்கக்கூடிய திட்டம், எரிச்சல் என்பது இன்னொரு கொத்து. இரண்டுக்கும் நடுவில் "மேலும்" என்று ஒரு சொல் மட்டும் போட்டிருக்கிறார். அத்தோடு, இந்தப் படத்தின் பொருள் உறுதியானதல்ல, ஏனெனில் இதற்குச் சொல்லப்படும் அர்த்தங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடுகின்றன என்று அவரே எழுதிவிடுகிறார். இந்தக் கடைசி வரியைக் குழுவில் படித்துக் காட்டினால் எல்லாருக்கும் பெருமூச்சு வரும். குழம்பியது நாம் மட்டும் இல்லை.

ஃபோர் ஆஃப் வாண்ட்ஸுக்கு எழுதும்போதும் இப்படித்தான். பூமாலை கட்டிய நான்கு கோல்கள், பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்த இரண்டு பெண்கள். இதன் அர்த்தம் "ஒரு தடவையாவது" கிட்டத்தட்ட மேற்பரப்பிலேயே இருக்கிறது என்கிறார். அப்படியானால் மற்ற கார்டுகளில் அப்படி இல்லை என்றுதானே பொருள்!

கொத்துகளைப் பிரித்தபின், உங்கள் இடப்பக்கப் பட்டியல் எந்தக் கொத்தோடு சேர்கிறது என்று பாருங்கள். வாள் ஏழில் நுனிக்காலும் விட்டுப்போன இரண்டு வாளும் இரண்டாம் கொத்தோடு சேர்கின்றன, சிரிப்பு முதல் கொத்தோடு. ஆகப் படம் புத்தகத்துக்கு முழுக்க எதிரி இல்லை. இரண்டு கொத்துக்கும் அதில் இடம் இருக்கிறது.

## 4. ஒரே வாக்கியத்தில் அடங்குகிறதா என்று சோதியுங்கள்

படத்தையும் புத்தகத்தையும் ஒன்றாகப் பிடிக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அதில் ஓர் ஆளும் ஒரு வினைச்சொல்லும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனை எதற்கு என்றால், "மாற்றம் வருகிறது", "சமநிலை தேவை" போன்ற வாக்கியங்கள் எதையும் அடக்கிவிடும். எதையும் அடக்கும் வாக்கியத்தால் பயன் இல்லை.

வாள் ஏழுக்கு என் வாக்கியம்: "முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஒருவன் சத்தமில்லாமல் காரியத்தைத் தொடங்கிவிட்டான், ஆனால் முழுவதையும் எடுத்துப் போக அவனால் முடியவில்லை." நம்பிக்கையும் இருக்கிறது, தோற்கக்கூடிய திட்டமும் இருக்கிறது, ஐந்தும் இரண்டும் இருக்கின்றன.

எழுதியபின் ஒரு குறுக்குச் சோதனை. அந்த வாக்கியம் பக்கத்துக் கார்டுக்கும் பொருந்துகிறதா? வாள் ஐந்தில் ஒருவன் வாள்களை வைத்துக்கொண்டு, தோற்றுத் திரும்பிப் போகும் இருவரை ஏளனமாகப் பார்க்கிறான். "ஒருவன் நேர்மையில்லாமல் வாள்களை எடுத்துக்கொண்டான்" என்று எழுதியிருந்தால் அது வாள் ஐந்துக்கும் ஒட்டும். அப்படி ஒட்டினால் வாக்கியத்தைக் கிழித்துவிட்டுப் படத்தில் இன்னும் குறிப்பாக எதையாவது பிடியுங்கள்.

சில கார்டுகள் அடங்கவே அடங்காது. ஃபைவ் ஆஃப் பென்டக்கிள்ஸில், அதாவது காசு ஐந்தில், பனிமழையில் இரண்டு ஏழைகள் ஒளிரும் ஜன்னலைக் கடந்து போகிறார்கள். வெய்ட் முதலில் பொருள் கஷ்டம் என்கிறார். அப்புறம், சிலருக்கு இது காதல் கார்டு, கணவன், மனைவி, நண்பர், இணக்கம் என்கிறார். எட்டெய்லாவின் பட்டியலில் இருந்து வந்த சொற்கள் அவை. முடிவில், இந்த இரண்டையும் இணக்கப்படுத்த முடியாது என்று கையை விரித்துவிடுகிறார்.

"கஷ்டத்திலும் இருவர் ஒன்றாக நடக்கிறார்கள், அதுதான் காதல்" என்று இணைக்க முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பவரின் முகத்தைப் பார்த்து கஷ்டத்தையோ காதலையோ கூட்டிக் குறைத்தார்கள். இணையாத கார்டை வம்படியாக இணைத்தால் நடப்பது இதுதான்.

## 5. யார் ஜெயிப்பது என்பதை கார்டு வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டைத் திருப்பிய பிறகு படமா புத்தகமா என்று தேர்ந்தெடுத்தால், நல்லதாகத் தெரிவது எதுவோ அதைத்தான் தேர்ந்தெடுப்போம். பிடிக்காத ஆளைப் பற்றிய கேள்வி என்றால் கெட்டதை. அதனால் விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, குறைந்தது ஐம்பது கார்டு அவற்றின்படியே போங்கள்.

என் முதல் விதி எண் கார்டுகளுக்கானது. நேராக வந்த எண் கார்டில் படம் முன்னால் போகும், புத்தகம் வரப்பு கட்டும். அதாவது அர்த்தத்தைப் படத்தில் இருந்து எடுக்கிறேன், ஆனால் அது புத்தகத்தின் ஏதாவது ஒரு கொத்துக்குள் விழ வேண்டும். எந்தக் கொத்திலும் விழாவிட்டால் நான் கதை கட்டுகிறேன் என்று பொருள். படத்துக்கு முன்னுரிமை ஏன் என்றால், இந்த டெக்கை மற்றவற்றில் இருந்து வேறுபடுத்துவதே அதன் காட்சிகள்தான். சொற்பட்டியல் மட்டும் போதும் என்றால் சாதாரணச் சீட்டுக்கட்டே போதுமே.

இரண்டாவது, தலைகீழாக வந்த கார்டில் புத்தகம் முன்னால். ஸ்மித் படத்தை ஒரே திசைக்குத்தான் வரைந்தார். தலைகீழான வாள் பத்தைப் பார்த்து "முதுகில் இருந்து வாள்கள் கீழே விழுகின்றன, வலி தீர்கிறது" என்பது பலரும் சொல்வது. எனக்கு அது கொஞ்சம் மலிவான வித்தையாகப் படுகிறது. புத்தகத்தில் இருப்பது லாபம், வெற்றி, ஆதரவு, ஆனால் எதுவும் நிலைக்காது. "நிலைக்காது" என்ற பகுதியைப் படத்தைத் திருப்பி வைத்து ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஃபோர் ஆஃப் வாண்ட்ஸுக்கோ தலைகீழானாலும் அர்த்தம் மாறாது என்கிறார் வெய்ட். அதையும் படம் சொல்லாது.

மூன்றாவது விதி பயமுறுத்தும் கார்டுகளுக்கு. என்ன நடக்கிறது என்பதைப் படத்திடம் கேளுங்கள், எவ்வளவு என்பதைப் புத்தகத்திடம் கேளுங்கள். ஓவியம் ஒரே ஒரு கணத்தைப் பெரிதாக்கிக் காட்டும். பத்து வாளும் முதுகில் குத்தியபடி ஒருவன் குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் குலை நடுங்கும். வெய்ட்டோ வலியும் கண்ணீரும் சொல்லிவிட்டு, இது குறிப்பாகக் கொடூரச் சாவின் கார்டு அல்ல என்று நிறுத்துகிறார். வாள் எட்டில் பெண்ணின் கண்ணும் கையும் கட்டப்பட்டிருக்கின்றன. அதற்கும், மீளமுடியாத அடிமைத்தனம் அல்ல, தற்காலிகக் கட்டு என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் நடுங்கும்போது இந்த அளவுச் சொற்கள்தான் கைகொடுக்கும்.

எதிர்த்திசையும் உண்டு, மறக்க வேண்டாம். வாள் மூன்றில் இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கின்றன, பின்னால் மழை. சிலர் "இது சின்னத் தாமதம்தான்" என்று புத்தகத்தில் இருக்கும் மென்மையான சொல்லைப் பொறுக்கி எடுப்பார்கள். தாமதம் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் படம் இயல்பாகக் காட்டுவது எல்லாம் இதன் பொருள், அதைத் தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். அங்கே புத்தகமே படத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டது.

இணையாத கார்டுகளுக்கு நான்காவது விதி: டெக்கை வாங்கிய வாரத்திலேயே ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றதை அடித்துவிடுங்கள். ஃபைவ் ஆஃப் பென்டக்கிள்ஸில் நான் காதலை அடித்துவிட்டேன். திருமணம் பற்றிய கேள்விக்கு வந்தாலும் அது எனக்குப் பணக்கஷ்டம்தான்.

## 6. ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

குழுவில் இருக்கும் ஒரு தங்கை, தன் அக்காவுக்காக ஒரு கேள்வி கொண்டுவந்தாள். அக்காவும் அவருடைய தோழியும் சேர்ந்து தையல் கடை வைத்திருக்கிறார்கள், அக்கா தனியாகப் போக நினைக்கிறார். "என் பார்ட்னர் நல்லவளா?" என்பதுதான் முதலில் வந்த கேள்வி. கார்டிடம் கேட்கக் கூடாத கேள்வி அது என்று சொல்லி மாற்றினோம்: "தனிக்கடைக்கு நான் செய்திருக்கும் ஏற்பாட்டில் எதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்?" அக்காவும் அன்று கூட வந்திருந்தார்.

ஒரே கார்டு எடுத்தோம். வாள் ஏழு, நேராக.

தங்கை என் பக்கம் குனிந்து, "அக்கா, இது திருட்டுக் கார்டுதானே? பார்ட்னர் ஏமாத்துறாங்கன்னு சொல்லிடலாமா?" என்று கிசுகிசுத்தாள். படத்தை மட்டும், அதுவும் ஒட்டவைத்த கதையோடு பார்த்ததன் விளைவு. அவள் அதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால், பல வருட நட்பு ஒரு அட்டையை வைத்து முறிந்திருக்கும். இன்னொருவர் புத்தகத்தைப் பார்த்து "நம்பிக்கை, துணிவு... தைரியமா போகலாம்மா" என்றார். அதுவும் கேள்விக்குப் பதில் இல்லை. எதை விட்டோம் என்றுதானே கேட்டோம்?

படிகளின்படி போனோம். டெக்கும் புத்தகமும் ஒரே குடும்பம், அதில் பிரச்சினை இல்லை. தங்கையை இடப்பக்கத்தை எழுதச் சொன்னேன். ஐந்து கையில், இரண்டு தரையில். அலகில் பிடித்திருக்கிறான். முகம் பின்னால். அவ்வளவுதான் எழுதினாள். முதல் விதிப்படி படம் முன்னால், புத்தகம் வரப்பு. தோற்கக்கூடிய திட்டம் என்ற கொத்துக்குள் இது விழுகிறது.

இப்போது ஆள் யார் என்ற கேள்வி. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதை. கேள்வி "நான் எதை விட்டிருக்கிறேன்" என்பதால், படத்தில் நடக்கிறவர் கேட்பவரே. பார்ட்னர் அந்தப் படத்தில் இருந்தால், கூடாரத்துக்குள் இருப்பவராகத்தான் இருக்க முடியும். கேள்வியின் எழுவாயை அப்படியே படத்து ஆளின் மேல் வைத்தால், குற்றம்சாட்டும் ஆசை பாதி அடங்கிவிடும்.

அக்காவிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டோம். நீங்கள் எடுத்துப் போகாமல் நிற்கிற இரண்டு எது? எடுத்துப் போவதில் கையை வெட்டுகிற மாதிரி எதைப் பிடித்திருக்கிறீர்கள்?

முதல் கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஓவர்லாக் மெஷினுக்கான பில் தோழியின் பெயரில் இருக்கிறது, வாடிக்கையாளர்களின் அளவு நோட்டு ஒன்றே ஒன்றுதான், அது கடையில்தான் இருக்கும் என்றார். இரண்டாவதற்கு, இன்னும் தோழியிடம் பேசவே இல்லை, புதுக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எல்லாமே அவருக்குத் தெரிந்த விஷயங்கள். "இரண்டு" என்ற எண்ணிக்கை தற்செயலாகப் பொருந்தியது, மூன்று வந்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் "திருட்டு" என்றோ "துணிந்து போ" என்றோ முடித்திருந்தால் அந்த இரண்டு கேள்விகளும் வந்திருக்காது.

## 7. நோட்டில் எழுதி, பிறகு விதியைத் திருத்துங்கள்

ஒவ்வொரு தடவையும் தேதி, கேள்வி, கார்டு, இடப்பக்கம், எந்தக் கொத்து, எந்த விதி என்று ஆறு வரி போதும். கேட்டவருக்கு என்ன ஆனது என்பதற்குக் கீழே இடம் விடுங்கள், ஆனால் "பலித்தது, பலிக்கவில்லை" என்று மதிப்பெண் போட வேண்டாம். இத்தனை தளர்வான வாக்கியங்களில் ஏதோ ஒன்று எப்போதும் பலித்த மாதிரிதான் இருக்கும். நோட்டு வேறொன்றுக்காக: எந்தக் கார்டில் நீங்கள் விதியை மீறினீர்கள் என்று பார்க்க.

ஐம்பது கார்டு ஆனதும் திரும்பப் படியுங்கள். ஒரே கார்டில் மூன்று தடவை விதியை மீறியிருந்தால், அந்தக் கார்டுக்கு விதி சரியில்லை. அதற்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதிச் சேருங்கள். பல கார்டுகளில் ஒவ்வொரு தடவை மீறியிருந்தால் விதியில் தவறில்லை. அன்றைக்கு உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட பதில் வேண்டியிருந்திருக்கிறது. அந்தப் பக்கங்களில் கேள்வி கேட்டவர் யார் என்று பாருங்கள். என் நோட்டில் அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். அதற்கப்புறம் வீட்டு ஆட்களுக்கு நான் கார்டு எடுப்பதில்லை.

உடம்பு, கோர்ட், யார் பணத்தை எடுத்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விதியே தேவையில்லை. எடுக்காதீர்கள். வாள் ஏழு வந்த அன்று அந்த வீட்டில் நகை காணாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இன்னும் திருத்திக்கொண்டே இருக்கும் கார்டு ஒன்று உண்டு: சிக்ஸ் ஆஃப் கப்ஸ். பழைய தோட்டத்தில் குழந்தைகள், கோப்பைகளில் பூக்கள். கடந்த காலம், நினைவுகள் என்று எழுதும் வெய்ட், இதை அப்படியே திருப்பிப்போடும் இன்னொரு வாசிப்பும் உண்டு என்கிறார்: புதிய உறவு, புதிய சூழல், அப்போது குழந்தைகள் தங்களுக்குப் பழக்கமில்லாத இடத்தில் விளையாடுகிறார்கள். ஒரே படம், இரண்டு காலம். நான்காவது விதிப்படி நினைவுகளை வைத்துக்கொண்டு மற்றதை அடித்தேன். ஊர் மாறிப் போகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் இதே கார்டு வந்து நின்று, மூன்று தடவை மீறியாகிவிட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் அடித்த கோட்டின் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.